சண்டைக்கு அப்புறம் ஏன் வாயே திறக்க மாட்டேங்குறாங்க?

எங்க வீட்டுல நடந்த ஒரு சண்டைய வச்சே இத சொல்றேன், பொதுவா சொன்னா இது புரியாது. கல்யாணமாகி ஏழாவது வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், பொண்ணு தூங்கிட்டா, நான் போன்ல பேங்க் மெசேஜ் பாக்குறேன், ஜாயின்ட் அக்கவுண்ட்ல இருந்து 40,000 ரூபா போயிருக்கு. கேட்டா "தம்பிக்கு அனுப்புனேன்"னு சொன்னாரு. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே"ன்னு ஆரம்பிச்சேன், அப்புறம் போன வருஷம் வண்டி வாங்குனது, அவங்க அம்மா ஒரு கல்யாண வீட்டுல என்ன பத்தி சொன்னது, எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ இவரு லீவு போடாதது எல்லாம் வரிசையா வந்துருச்சு. முதல் அஞ்சு நிமிஷம் பதில் சொன்னாரு. அப்புறம் "சரி", "ம்"னு மட்டும். பத்து மணிக்கு முன்னாடியே அதுவும் நின்னுருச்சு, தரையில இருக்க டைல்ஸ பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்துருந்தாரு. நான் பேச பேச மூஞ்சில ஒரு அசைவு இல்ல. கடைசில தலகாணிய எடுத்துக்கிட்டு ஹாலுக்கு போயிட்டாரு.

சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாள் வீட்டுல பேச்சு இல்ல. "அப்பாகிட்ட பால் வாங்கிட்டு வர சொல்லு"ன்னு நான் பொண்ணுகிட்ட சொல்லுவேன், ஒரே ரூம்லதான் நாங்க மூணு பேரும் இருப்போம். திங்கக்கிழமை ராத்திரி வந்து ரொம்ப சாதாரணமா "தோசைக்கு சட்னி இருக்கா"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான், சண்டை முடிஞ்சுதாம். 40,000 ரூபா விஷயத்த ரெண்டு பேருமே தொடல, அது ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கூல் ஃபீஸ் கட்டுறப்போ வேற ஒரு சண்டையா வெடிச்சுது.

அந்த மூணு நாளும் என் மனசுல ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான், இந்த ஆளுக்கு நான் இருக்குறதும் இல்லாததும் ஒண்ணுதான் போல. கல்லு மாதிரி உக்காந்திருந்தா வேற என்ன நெனைக்கிறது. ரொம்ப நாள் கழிச்சு, இத பத்தி படிக்க ஆரம்பிச்சு ஒரு கவுன்சிலர்கிட்டயும் ஒன்றா போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த கல்லு மாதிரி இருந்த ஆளோட உடம்புக்குள்ள அப்போ ஒரு கலவரமே நடந்துட்டு இருந்திருக்கு.

அமெரிக்காவுல ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள், 1980கள்ல இருந்து புருஷன் பொண்டாட்டி சண்டைய லேப்ல வச்சு பாத்தவங்க. எப்படின்னா ஜோடிய எதிரெதிரா உக்கார வச்சு, அவங்களுக்குள்ள ஓயாம ஓடுற ஒரு பிரச்சனைய பத்தி கால் மணி நேரம் பேச சொல்லி, பேசும்போது நெஞ்சுத் துடிப்பு எவ்வளவு, கை எவ்வளவு வேர்க்குது, சேர்ல எவ்வளவு அசையுறாங்கன்னு மெஷின் மாட்டி அளந்தாங்க, வீடியோவும் எடுத்தாங்க. சாதாரணமா நாம ஒருத்தர் பேசுறத கேக்கும்போது தலையாட்டுவோம், "ம்" கொட்டுவோம், கண்ண பாப்போம், நாம கேட்டுட்டுதான் இருக்கோம்னு எதிர்ல இருக்கவங்களுக்கு அதுதான் தெரியப்படுத்துது. வீடியோவுல சில பேர் சண்டை சூடாகுறப்போ இது எல்லாத்தையும் மொத்தமா நிறுத்திடுறாங்க. தலையாட்டல் இல்ல, பார்வை இல்ல, மூஞ்சி இறுகி சுவர் மாதிரி ஆயிடுது. அவங்க இதுக்கு வச்ச பேரே சுவர் எழுப்புறதுங்கிற அர்த்தத்துலதான். ஆனா அதே நேரத்துல மெஷின பாத்தா நெஞ்சுத் துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐ தாண்டி போயிட்டு இருக்கு. வெளிய கல்லு, உள்ள ஓட்டம்.

இத ஆங்கிலத்துல வெள்ளம் வர்றதுன்னு சொல்றாங்க, எனக்கு அந்த வார்த்தை ரொம்ப பொருத்தமா படுது. உடம்பு சண்டைய ஒரு ஆபத்தா எடுத்துக்குது, அட்ரினலின் ஏறுது, துடிப்பு கூடுது, மூச்சு மேலாக ஓடுது, தோள் இறுகுது. ரோட்டுல லாரி மேல வர்ற மாதிரி இருந்தா உடம்பு என்ன பண்ணுமோ அதேதான். லாரிக்கு இது சரி, குதிச்சு தப்பிச்சுடலாம். ஆனா பொண்டாட்டி சொல்றத கேட்டு புரிஞ்சு அதுல எது நியாயம்னு பிரிச்சு பதில் சொல்றதுக்கு நிதானமான மூளை வேணும், அந்த நேரத்துல அதுதான் கிடைக்காது. எங்க வீட்டுக்காரர் பின்னாடி ஒரு நாள் சொன்னாரு, "நீ பேசுறது காதுல விழுது, ஆனா வார்த்தையா வரல, சத்தமா வருது. ஏதாவது சொன்னா அது இன்னும் பெருசாகும்னு மட்டும் தெரியுது, அதான் வாய மூடிக்கிட்டேன்"னு. நான் அந்த நேரத்துல அவர பாத்து திமிருன்னு நெனச்சேன். அவரு நெனச்சது, வாய மூடிக்கிட்டா வீடாவது மிஞ்சும்னு.

ஒரு விஷயத்த இங்க சொல்லியாகணும். வாய மூடுன உடனே உடம்பு இறங்கிடாது. ஒருத்தர் அமைதியாக கொறஞ்சது 20 நிமிஷம் வேணும்னு காட்மன் சொல்றாரு, அதுவும் அந்த 20 நிமிஷமும் சண்டையவே மனசுல திரும்ப திரும்ப ஓட்டாம இருந்தாதான். "அவ எப்படி அப்படி கேக்கலாம், நான் எவ்வளவு பண்ணிருக்கேன்"னு படுத்துக்கிட்டு ஓட்டுனா, மூணு மணி நேரம் ஆனாலும் உடம்பு அங்கயேதான் நிக்கும். அவங்க லேப்ல ஒரு தடவ ஜோடிகள கால் மணி நேரம் சண்டை போட விட்டு, நடுவுல நிறுத்தி, மெஷின சரி பண்ணனும், அதுவரைக்கும் அத பத்தி பேசாம பத்திரிக்கை படிச்சுட்டு இருங்கன்னு அரை மணி நேரம் விட்டிருக்காங்க. திரும்ப பேச ஆரம்பிச்சப்போ துடிப்பு நல்லா இறங்கியிருந்துச்சு, பேச்சும் நிதானமா, உருப்படியா போயிருக்கு. இடைப்பட்ட நேரத்துல யாரும் அவங்களுக்கு அறிவுரை சொல்லல, பிரச்சனையும் அப்படியேதான் இருந்துச்சு, உடம்பு மட்டும்தான் மாறியிருந்துச்சு.

அப்போ ஆம்பளைங்க மட்டும்தான் இப்படியான்னு கேட்டா, காட்மன் பாத்த ஜோடிகள்ல இப்படி சுவராகுறவங்கள்ல 85 சதவீதம் ஆம்பளைங்கதான். நம்ம வீடுகள்லயும் "எங்க அப்பா சண்டை வந்தா சட்டைய மாட்டிக்கிட்டு டீக்கடைக்கு போயிடுவாரு"ன்னு சொல்லாத பிள்ளைங்க கம்மி. ஆனா இத வச்சு ஆம்பளைனா அப்படித்தான்னு முடிச்சுட்டா பாதி விஷயம் விட்டுப் போயிடும். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன்னு லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்க ஒரு உளவியல் பேராசிரியர், அவரோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ண கிறிஸ்டோபர் ஹீவி, ரெண்டு பேரும் 1990ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒருத்தர் துரத்துறது இன்னொருத்தர் விலகுறதுங்கிற இந்த ஜோடி நாடகத்ததான் அவங்க பாத்தாங்க, ஆனா ஒரு நல்ல வேலை பண்ணாங்க, ஒரே ஜோடிகிட்ட ரெண்டு விதமான பேச்ச வச்சு பாத்தாங்க. ஒண்ணு, பொண்டாட்டி புருஷன்கிட்ட ஒரு மாற்றம் வேணும்னு கேக்குற விஷயம். இன்னொண்ணு, புருஷன் பொண்டாட்டிகிட்ட கேக்குற விஷயம். பொண்டாட்டி கேக்குற விஷயத்துல அவ துரத்துனா, அவரு விலகுனாரு. அவரு கேக்குற விஷயத்துக்கு வந்தப்போ அந்த வித்தியாசம் காணாம போயிடுச்சு. அதாவது விலகுறதுல கொஞ்சம் ஆம்பள பொம்பள விஷயமும் இருக்கு, ஆனா யாருக்கு மாற்றம் வேணும், யாருக்கு இப்ப இருக்கிறதே வசதிங்கிறதும் பெரிய அளவுல இருக்கு. மாற்றம் வேணும்ங்கிறவங்களுக்கு பேசுனாதான் கிடைக்கும். இருக்கிறதே போதும்ங்கிறவங்களுக்கு பேசாம இருந்தாலே ஜெயிச்ச மாதிரிதான்.

இத படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஏன்னா வீட்டு வேலையோ பணமோ பேசுற எல்லா சண்டையிலயும் நான்தான் துரத்துவேன், சரி. ஆனா சொந்த ஊருக்கே போயி அம்மா அப்பா கூட இருக்கலாம்னு அவரு மூணு வருஷமா கேட்டுட்டு இருந்தாரு, அந்த பேச்சு வந்தாலே எனக்கு கிச்சன்ல ஏதாவது வேலை வந்துடும், இல்ல "தூக்கம் வருது, நாளைக்கு பேசலாம்"னு சொல்லிட்டு திரும்பி படுத்துடுவேன், அந்த நாளைக்கு வந்ததே இல்ல. அங்க சுவரு நான். அவரு எவ்வளவு தடவ அந்த சுவத்துல முட்டியிருப்பாருன்னு அதுக்கு முன்னாடி நான் யோசிச்சதே கிடையாது.

இப்போ சுவத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம், இதுதான் நிறைய பேர் "ரொம்ப சென்சிட்டிவ்வா இருக்க"ன்னு சொல்லி தள்ளிடுற பக்கம். கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர், 1980கள்ல ஒரு நாள் பார்க்ல நாயோட உக்காந்திருக்காரு. பக்கத்துல ரெண்டு பேர் தட்டு எறிஞ்சு விளையாடுறாங்க, அது தவறி இவர்கிட்ட வந்து விழுது, இவரு எடுத்து எறியுறாரு, அவங்க திரும்ப இவருக்கே எறியுறாங்க, கொஞ்ச நேரம் மூணு பேரா விளையாடுறாங்க. திடீர்னு அவங்க ரெண்டு பேரும் இவருக்கு எறியுறத நிறுத்திடுறாங்க. முன்ன பின்ன தெரியாத ஆளுங்க, திரும்ப பாக்கவே போறதில்ல, ஆனாலும் தனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு அவருக்கே ஆச்சரியமா இருந்திருக்கு. அதையே முதல்ல லேப்ல நிஜ பந்த வச்சு, அப்புறம் கம்ப்யூட்டர்ல பந்து எறியுற விளையாட்டா மாத்தி ஆராய்ச்சி பண்ணாரு. சில நிமிஷம் பந்து வரலன்னாலே மனசு இறங்குது. எதிர்ல விளையாடுறது மனுஷங்களே இல்ல, கம்ப்யூட்டர்தான்னு முன்னாடியே சொல்லிட்டு விளையாட விட்டாலும் இறங்குது.

ஒதுக்கப்படும்போது நாலு விஷயத்துல அடி விழுதுன்னு அவரு சொல்றாரு. இவங்களோட சேர்ந்தவதான் நான்ங்கிற உணர்வு, என்மேல எனக்கு இருக்க மதிப்பு, என் கையில ஏதோ இருக்குங்கிற பிடிமானம், நான் இருக்கேன்ங்கிறதே இவங்களுக்கு ஒரு பொருட்டாங்கிறது. தெரியாதவங்க பந்து போடலன்னாலே இவ்வளவுன்னா, ஒரே கட்டில்ல படுக்குற ஆள் மூணு நாள் பேசலன்னா எப்படி இருக்கும். அதுல மூணாவதா சொன்ன பிடிமானம் இருக்கே, எனக்கு அதுதான் ரொம்ப வலிச்சுது. திட்டுனா கூட பதில் சொல்லலாம், தப்பா சொல்றீங்கன்னு வாதாடலாம். மௌனத்துகிட்ட எதுவுமே பண்ண முடியாது. எப்போ முடியும்னும் தெரியாது. தெரியாத இடத்துல மனசு தானா கத கட்ட ஆரம்பிச்சுடும், வேற யாராவது இருக்காங்களா, அவங்க அம்மா ஏதாவது சொல்லி குடுத்தாங்களா, விட்டுட்டு போயிடுவாரான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு சீலிங் ஃபேன பாத்துக்கிட்டு நான் கட்டாத கதை இல்ல.

அப்புறம் என்ன பண்ணுவோம், துரத்துவோம். கதவ தட்டுறது, வாட்ஸ்அப்ல பெரிய பெரிய மெசேஜா அனுப்புறது, ரெண்டு ப்ளூ டிக் வந்தும் பதில் வரலன்னா இன்னொண்ணு அனுப்புறது, மாமியாருக்கு போன் போட்டு சொல்றது, கடைசில வேணும்னே சுருக்குனு குத்துற மாதிரி ஒரு வார்த்தைய விடுறது, கோவமாவாவது திரும்பி பாக்கட்டும்னு. இது ஒவ்வொண்ணும் அந்தப் பக்கம் இறங்கிட்டு இருந்த துடிப்ப திரும்ப ஏத்தி விடுது, அவங்க இன்னும் உள்ள போறாங்க, நாம இன்னும் துரத்துறோம். ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேட்டா ரெண்டு பேரும் உண்மையதான் சொல்லுவாங்க. "அவரு பேசாததாலதான் நான் கத்துறேன்", "அவ கத்துறதாலதான் நான் பேசல". எங்க ஆரம்பிச்சுதுன்னு தேடுனா கிடைக்கவே கிடைக்காது, வட்டத்துக்கு ஏது முனை.

இந்த வட்டம் வருஷக்கணக்கா ஓடுச்சுன்னா ஒரு நாள் துரத்துறவங்க நிறுத்திடுவாங்க. கேள்வி கேக்க மாட்டாங்க, அழ மாட்டாங்க, சமைப்பாங்க, வேலைக்கு போவாங்க, பிள்ளைய பாப்பாங்க. விலகுறவங்க இத பாத்து "இப்பல்லாம் இவ ரொம்ப மாறிட்டா, சண்டையே இல்ல"ன்னு நிம்மதியா இருப்பாங்க. அது சமாதானம் கிடையாது, ஆசைய விட்டுட்டாங்கன்னு அர்த்தம். கவுன்சிலர்கள் கத்துற ஜோடிய விட இந்த மாதிரி சத்தமே இல்லாத ஜோடிய பாத்துதான் அதிகம் கவலப்படுவாங்கன்னு எங்க கவுன்சிலர் சொன்னாங்க. உங்க வீட்டுல சண்டை திடீர்னு நின்னு போயிருந்தா, எந்த சண்டையுமே பேசி முடிக்கப்படாமயே நின்னு போயிருந்தா, சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பக்கத்துல உக்காந்து கேளுங்க.

இது வரைக்கும் சொன்னது வெள்ளம் வந்து மூடிக்கிற மௌனம். எல்லா மௌனமும் இதுதான்னு நான் சொல்லல, அப்படி சொன்னா சில பேருக்கு பெரிய கெடுதல் பண்ண மாதிரி ஆயிடும். நம்ம ஊர்ல ஊடல்னு ஒண்ணு இருக்கு, அது வேற, அதுல பேசாம இருக்குறவங்க மனசு "வந்து என்ன சமாதானப்படுத்து"ன்னுதான் கூப்பிடுது, ரெண்டு பேருக்கும் அது தெரியும், ஒரு மல்லிப்பூவோட முடிஞ்சு போற விஷயம். சின்ன வயசுல வாய தொறந்தாலே அடி விழுற வீட்டுல வளந்தவங்களோட மௌனம் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு சத்தம் கூடுனாலே உடம்பு தானா பூட்டிக்கும், இது வெள்ளத்தோட சொந்தக்காரன்தான். ஆனா மூணாவதா ஒண்ணு இருக்கு, தண்டனையா குடுக்குற மௌனம். வெளிய இருந்து பாத்தா எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும், அதனாலதான் குழப்பம்.

பிரிச்சு பாக்க எனக்கு உதவுனது, மௌனம் எப்படி முடியுதுன்னு பாக்குறது. வெள்ளத்துல மூழ்குனவங்க இறங்குன உடனே ஏதோ ஒரு விதத்துல கிட்ட வருவாங்க, தப்பா வருவாங்க, சட்னி இருக்கான்னு கேட்டு வருவாங்க, ஆனா வருவாங்க, அவங்க மூஞ்சிலயும் அந்த மூணு நாள் களைப்பு தெரியும். தண்டனை மௌனம் நீங்க தோத்தாதான் முடியும். யாருமேல தப்புன்னு பாக்காம நீங்க கால்ல விழணும், கேட்டத ஒத்துக்கணும், அப்போ உடனே சிரிச்சு பேசுவாங்க. அந்த நாள்கள்ல பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, ஆபீஸ் போன்ல எல்லாம் கலகலன்னு பேசுவாங்க, உங்க பக்கம் திரும்புனா மட்டும் மூஞ்சி மாறும். வெள்ளம் வந்தவங்களால அந்த நேரத்துல அப்படி மாத்தி மாத்தி இருக்க முடியாது. அதோட, நீங்க அம்மா வீட்டுக்கு போனா, சம்பளத்துல இருந்து செலவு பண்ணா, பழைய ஃப்ரெண்டுகிட்ட பேசுனான்னு குறிப்பிட்ட சில விஷயத்துக்கு மட்டும் அந்த மௌனம் வந்து, நீங்களும் மெல்ல மெல்ல அத எல்லாம் நிறுத்திட்டு வந்திருந்தீங்கன்னா, அது உங்கள அடக்குறதுக்கான கருவி. இத பிரேக் எடுத்து பேசுறதால எல்லாம் சரி பண்ண முடியாது. பயம் இருக்குற வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து கவுன்சிலிங் போறதும் நல்லதில்ல, அங்க சொன்ன வார்த்தைக்கு வீட்டுல வந்து பதில் சொல்ல வேண்டி வரும். தனியா யார்கிட்டயாவது பேசுங்க, தமிழ்நாட்டுல பெண்களுக்கு 181னு உதவி எண் இருக்கு, அங்க அடி வாங்குனாதான் கூப்பிடணும்னு இல்ல.

வெள்ளம்தான்னு தெரிஞ்சா என்ன பண்றதுங்கிறதுக்கு வர்றேன். மௌனமா இருக்குறவங்க பேசணும்னு கட்டாயப்படுத்துறது நடக்காத காரியம், உடம்பு அனுமதிக்காது. மௌனத்துக்கு ஒரு முடிவு நேரத்த போட்டு குடுக்குறதுதான் நடக்குற காரியம். "இப்ப என்னால முடியல, தல சூடாயிருச்சு. பத்தரைக்கு வந்து பேசுறேன்." அந்த ரெண்டு வரிதான். முத வரி அவங்க உடம்புக்கு இடம் குடுக்குது, ரெண்டாவது வரி இந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு பிடிமானம் குடுக்குது. "எனக்கு ஸ்பேஸ் வேணும்"னு மட்டும் சொல்லிட்டு போனா பாதிதான், எப்போ வருவாங்கன்னு தெரியாத மௌனமும் அதுவும் வலியில ஒண்ணுதான். நேரம் 20 நிமிஷத்துக்கு குறையக்கூடாது, அடுத்த நாள தாண்டி போகவும் கூடாது. சொன்ன நேரத்துக்கு யாரு பிரேக் கேட்டாங்களோ அவங்கதான் வந்து பேச்ச எடுக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா துரத்துறவங்களே போயி "பத்தரை ஆச்சே"ன்னு நின்னா பழைய வட்டம்தான் திரும்ப ஓடும். ரெண்டு மூணு தடவ சொன்ன நேரத்துக்கு வரலன்னா அந்த வார்த்தைக்கு மதிப்பு போயிடும், அப்புறம் பிரேக்குங்கிறதே தப்பிச்சு ஓடுறதுக்கு இன்னொரு பேராயிடும். எங்க வீட்டுல முத ரெண்டு மாசம் இதுலதான் சறுக்குச்சு, அவரு பத்தரைன்னு சொல்லிட்டு தூங்கி போயிடுவாரு, நான் பதினொண்ணுக்கு லைட்ட போட்டு எழுப்பி கத்துவேன். கடைசில போன்ல அலாரம் வச்சாரு.

அந்த இடைவெளியில என்ன பண்றோம்ங்கிறதும் இருக்கு. மாடியில நடக்கலாம், குளிக்கலாம், துணி மடிக்கலாம், பாட்டு கேக்கலாம். வக்கீல் மாதிரி அடுத்த பாயிண்ட்ட தயார் பண்ணக்கூடாது, அம்மாவுக்கோ ஃப்ரெண்டுக்கோ போன் போட்டு கதைய முழுசா ஓட்டக்கூடாது, ரெண்டுமே அடுப்ப அணைக்காம குக்கர இறக்க பாக்குற மாதிரிதான். எங்க வீட்டுல கொரோனா நேரத்துல வாங்குன விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் ஒண்ணு சும்மா கிடந்துச்சு, ஒரு சண்டை நடுவுல அவரு அத எடுத்து மாட்டி பாத்தாரு, துடிப்பு 112 காட்டுச்சு. மத்த நேரத்துல அவருக்கு 74, 76தான் இருக்கும். அந்த 112ஐ பாத்தப்போதான் என் நெஞ்சுல ஏதோ இளகுச்சு, ஏன்னா மூஞ்சிய பாத்தா ஒண்ணுமே தெரியல, பஸ் ஸ்டாப்ல நிக்கிற ஆள் மாதிரி இருந்தாரு. என் விரல்ல மாட்டுனா 104, அதுவும் ஒரு பாடம், எனக்கும் வெள்ளம் வருது, நான் அதுல கத்துறேன், அவரு அதுல மூடிக்கிறாரு. எல்லார் வீட்டுலயும் மெஷின் வச்சுக்கணும்னு நான் சொல்லல, 100ங்கிறதும் எல்லாருக்கும் ஒரே கோடு கிடையாது, தினமும் ஓடுறவங்களுக்கு 80லயே வெள்ளம் வந்துடலாம். காது சூடாகுறது, தொண்ட அடைக்கிறது, ஒரே வரிய திரும்ப திரும்ப சொல்லிட்டு இருக்குறது, இதெல்லாமே போதுமான அடையாளம்.

துரத்துறவங்க பக்கத்துலயும் வேலை இருக்கு, இது எனக்கு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா தப்பு பண்ணது அவரு, நான் ஏன் மாறணும்னு ஒரு வீம்பு. ஆனா அந்த வெள்ளிக்கிழமை நான் 40,000ல ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல ஏழு வருஷத்துக்கும் போயிட்டேன். ஒரு விஷயத்துக்கு பதில் சொல்லிட்டு இருக்க ஆள் மேல நாலு விஷயத்த போட்டா வெள்ளம் வராம என்ன பண்ணும். அதனால ஒரு பேச்சுக்கு ஒரு விஷயம்னு வச்சுக்கிட்டோம், ஆரம்பிக்கிறதும் "நீங்க எப்பவுமே இப்படித்தான்"ல ஆரம்பிக்காம "எனக்கு தெரியாம பணம் போனது பயமா இருந்துச்சு"ன்னு ஆரம்பிக்க பழகுனேன். அப்புறம் அவரு சொன்ன நேரம் வரைக்கும் கதவ தட்டாம இருக்குறது. அந்த அரை மணி நேரம் எனக்கு இப்பவும் நீளமாதான் இருக்கும், ஆனா முடியுற நேரம் தெரிஞ்சா வலி வேற மாதிரி இருக்கு, பல் டாக்டர் "இன்னும் ரெண்டு நிமிஷம்"னு சொல்லிட்டு பண்ற மாதிரி.

அந்த 40,000 ரூபா விஷயம் கடைசில எப்ப பேசுனோம்னா, ஸ்கூல் ஃபீஸ் சண்டை அன்னைக்குதான். அன்னைக்கும் அவரு டைல்ஸ பாக்க ஆரம்பிச்சாரு, ஆனா எழுந்து போறதுக்கு முன்னாடி வாசப்படியில நின்னு "காலைல ஆறு மணிக்கு மாடியில பேசலாம், கண்டிப்பா வர்றேன்"னு சொன்னாரு, கவுன்சிலர்கிட்ட போறதுக்கெல்லாம் முன்னாடி, அவரா சொன்ன முத தடவ அது. நான் நம்பல. அஞ்சே முக்காலுக்கு அவரே காபி போட்டு எடுத்துக்கிட்டு மேல போற சத்தம் கேட்டுச்சு. தம்பி சீட்டு கட்டி பணத்த விட்டு ஏமாந்துட்டான், வீட்டுல யாருக்கும் சொல்லாதன்னு அழுதிருக்கான், என்கிட்ட சொன்னா எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி தம்பி பேரு கெட்டுடும்னு இவரு பயந்திருக்காரு. சொல்லாதது தப்புன்னு நான் சொன்னேன், அவரும் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. மாசம் 5,000னு தம்பிகிட்ட வாங்குறதுன்னும், இனிமே 10,000க்கு மேல எது போனாலும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் போகணும்னும் பேசி முடிச்சோம். கீழ இறங்குறப்போ மணி ஆறே முக்கால், பொண்ணு எழுந்து வந்து எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "இன்னைக்கு நான் யார்கிட்டயும் ஒண்ணும் போயி சொல்ல வேண்டாமா"ன்னு கேட்டா.